ஸ்குரல் கேஜ் மோட்டாரைச் சட்டென நிறுத்த: டி.சி. இன்ஜெக்‌ஷனா, ப்ளக்கிங்கா? ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்டாப் பட்டனை அழுத்திய பிறகும் ஒரு நிமிடம் சுற்றிக்கொண்டே இருக்கும் வட்ட ரம்பம், ஆபரேட்டரின் நேரத்தையும் தின்னும், விரலுக்கும் ஆபத்து. அதைச் சில விநாடிகளில் நிறுத்த, மோட்டாரையே பிரேக்காக மாற்றும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஸ்டேட்டரில் டி.சி. செலுத்துவது. மற்றொன்று, இரண்டு ஃபேஸை மாற்றி மோட்டாரை எதிர்த்திசைக்கு இழுக்கும் ப்ளக்கிங். எது சீக்கிரம் நிற்கும் என்று மட்டும் கேட்டால் விடை ப்ளக்கிங்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மோட்டாருக்குள் எவ்வளவு சூடு இறங்குகிறது, அதை ஒரு மணிக்கு எத்தனை முறை அந்த மோட்டார் தாங்கும்?

இதை ஒரே மோட்டாரை வைத்துப் பார்ப்போம். 7.5 கிலோவாட், 415 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 4 போல், 1440 ஆர்.பி.எம்., டெல்டா இணைப்பு, நேம் பிளேட் கரன்ட் 15 ஆம்பியர். பெல்ட் வழியாகப் பெரிய ரம்பத் தட்டை ஓட்டுகிறது. தட்டு, புல்லி, ரோட்டர் எல்லாம் சேர்ந்து மோட்டார் ஷாஃப்டில் உணரப்படும் நிலைமத் திருப்புத்திறன் 1.2 கிலோகிராம் சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் சூட்டுக் கணக்கு

```
ω = 2π × 1440 / 60 = 151 rad/s
E = ½ × 1.2 × 151² ≈ 13,700 J
T = 7500 / 151 ≈ 50 N·m
```

சுற்றும் பாகங்களில் சுமார் 14 கிலோஜூல் ஆற்றல் சேர்ந்திருக்கிறது. நிறுத்துவது என்றால் இதைச் சூடாக்கித் தொலைப்பதுதான்.

டி.சி. கொடுக்கும்போது ஸ்டேட்டரின் காந்தப்புலம் அசையாமல் நிற்கிறது. அதன் நடுவே சுற்றும் ரோட்டர் கம்பிகளில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அந்த 14 கிலோஜூலும் ரோட்டரில் சூடாகிறது. அதற்கு மேல் ஸ்டேட்டரிலிருந்து ரோட்டருக்கு எதுவும் போவதில்லை.

ப்ளக்கிங்கில் புலம் எதிர்த்திசையில் 1500 ஆர்.பி.எம். வேகத்தில் சுற்றுகிறது. சுற்றும் பாகங்களின் ஆற்றல் ஒரு பங்கு என்றால், லைனிலிருந்து காற்றிடைவெளி வழியாக இன்னும் இரண்டு பங்கு ரோட்டருக்குள் வருகிறது. மொத்தம் மூன்று பங்கு, அதாவது சுமார் 42 கிலோஜூல், கூண்டில் இறங்கும். கூண்டில் 2 கிலோ அலுமினியம் இருப்பதாக எடுத்துக்கொண்டால், ஒரே நிறுத்தத்தில் அதன் வெப்பம் 23 டிகிரி உயரும். டி.சி.யில் இந்த உயர்வு 8 டிகிரிக்குள் அடங்கும்.

ஸ்டேட்டரிலும் இதே கதைதான். ப்ளக்கிங்கில் லைன் கரன்ட் ஸ்டார்ட்டிங் கரன்ட்டைத் தொடும், சற்றுத் தாண்டவும் செய்யும். இந்த மோட்டாருக்கு அது 100 ஆம்பியர். ஃபேஸ் ஒன்றுக்கு, ஸ்டார் சமமாகக் கணக்கிட்டால், 0.6 ஓம் இருக்கும்போது 18 கிலோவாட் செம்பில் எரிகிறது. சராசரி பிரேக் டார்க் 75 நியூட்டன் மீட்டர் கிடைத்தால் 2.4 விநாடியில் நிற்கும். அதற்குள் ஸ்டேட்டரில் 43 கிலோஜூல். டி.சி.யில் 30 ஆம்பியர் செலுத்தி 6 விநாடியில் நிறுத்தி, 7 விநாடியில் துண்டித்தால் ஸ்டேட்டரில் 8 கிலோஜூல்கூட வராது.

ஆக, ரோட்டரும் ஸ்டேட்டரும் சேர்ந்து ப்ளக்கிங்கில் 85 கிலோஜூல், டி.சி.யில் 22 கிலோஜூல். மூன்றரை விநாடி மிச்சம் பிடிக்க நான்கு மடங்கு சூடு. ஒரு நாளைக்கு நான்கு முறை நிற்கும் இயந்திரத்துக்கு இது பொருட்டே இல்லை. மணிக்கு இருபது முறை நிற்கும் ரம்பத்தில் ரோட்டர் பார்கள் எண்ட் ரிங்கோடு சேரும் இடத்தில் விரிசல் விடத் தொடங்கும். நிலைமம் சின்னதாக இருந்தால், உதாரணமாக இதில் இருபதில் ஒரு பங்கு என்றால், மூன்று மடங்கு சூடும் சின்னதுதான். அங்கே தாராளமாக ப்ளக்கிங் வைக்கலாம். நின்றவுடன் எதிர்த்திசையில் ஓட வேண்டிய டேப்பிங் இயந்திரத்தில் அதுதான் இயல்பான வழியும்கூட.

நம் ரம்பத்துக்கு டி.சி.யையே எடுத்துக்கொள்கிறோம். அதை விரிவாக அமைத்துவிட்டு ப்ளக்கிங்குக்கு வருவோம்.

டி.சி. எவ்வளவு வேண்டும்?

பிரேக் டார்க் எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி இருக்காது. முழு வேகத்தில் ரோட்டரில் தூண்டப்படும் மின்னோட்டத்தின் அதிர்வெண் அதிகம். ரியாக்டன்ஸ் அதிகமாகி, அந்த மின்னோட்டம் டி.சி. உண்டாக்கிய புலத்தையே எதிர்த்து அழிக்கிறது. அதனால் தொடக்கத்தில் பிடி தளர்வாகத்தான் இருக்கும். வேகம் இறங்க இறங்கப் பிடி இறுகி, கடைசிச் சில நூறு ஆர்.பி.எம்.மில் உச்சத்துக்குப் போய், சுழல்வது நின்றதும் பூஜ்ஜியமாகிறது. ரம்பத் தட்டைப் பார்த்தாலே தெரியும்: முதல் நான்கு விநாடி சோம்பலாக இறங்கும், பிறகு யாரோ கையால் பிடித்தது போலச் சட்டென்று நிற்கும்.

இந்த வடிவத்திலிருந்தே இரண்டு முடிவுகள் வருகின்றன. நின்ற பிறகு டி.சி. எதையும் பிடித்து நிறுத்தாது. ஆகவே தூக்கும் சுமைக்கு மெக்கானிக்கல் பிரேக் இல்லாமல் இதை நம்பக் கூடாது. இரண்டாவது, கரன்ட்டைக் கூட்டினால் டார்க் கூடும் என்பது ஓரளவுக்குத்தான். நேம் பிளேட் கரன்ட்டைப் போல் இரண்டு, இரண்டரை மடங்குக்கு மேல் இரும்பு தெவிட்டிவிடும். அதற்குப் பிறகு வைண்டிங் சூடாவதுதான் மிச்சம். நேம் பிளேட் கரன்ட்டில் தொடங்கி, தேவைப்பட்டால் இரண்டு மடங்குவரை போவது சரியான பழக்கம். நமக்கு இலக்கு 30 ஆம்பியர்.

வோல்டேஜைக் கண்டுபிடிக்க ஸ்டாரா டெல்டாவா என்று குழம்ப வேண்டாம். டி.சி. எந்த இரண்டு டெர்மினலில் போகப்போகிறதோ அதே இரண்டுக்கும் இடையே மின்தடையை அளந்தால் போதும். சாதாரண மல்டிமீட்டர் ஒரு ஓம் அளவில் பொய் சொல்லும். மில்லிஓம் மீட்டர் இல்லாவிட்டால் ஒரு பேட்டரியிலிருந்து சில ஆம்பியர் செலுத்தி, டெர்மினலிலேயே வோல்டேஜை அளந்து வகுத்துக்கொள்ளலாம். நம் மோட்டாரில் குளிர்ந்த நிலையில் 1.2 ஓம். ஓடிச் சூடாகி 100 டிகிரியை எட்டினால் செம்பின் தடை ஏறத்தாழ 29 சதவீதம் கூடி 1.55 ஓம் ஆகும்.

30 ஆம்பியருக்குக் குளிரில் 36 வோல்ட், சூட்டில் 46 வோல்ட் டி.சி. வேண்டும். இரண்டுக்கும் நடுவே பிடிக்கிறோம். சிங்கிள் ஃபேஸ் பிரிட்ஜ், ஏ.சி. வோல்டேஜில் 0.9 பங்கைக் கொடுக்கும். டயோடுகளில் 2 வோல்ட் போகும். 48 வோல்ட் செகண்டரிக்கு 41 வோல்ட் டி.சி. வரும்: குளிரில் 34 ஆம்பியர், சூட்டில் 26 ஆம்பியர். காலை முதல் நிறுத்தமும் மாலைக் கடைசி நிறுத்தமும் ஒரே நேரம் எடுக்காததற்கு இதுவே காரணம். டைமர் வைக்கும்போது இது நினைவிருக்க வேண்டும்.

பாகங்கள்

டிரான்ஸ்ஃபார்மருக்கு 36, 42, 48 வோல்ட் டேப்கள் இருக்கட்டும். 48 × 30 என்று பெருக்கி 1,440 வி.ஏ. வாங்க வேண்டியதில்லை. 5 நிமிடத்துக்கு ஒருமுறை 7 விநாடி மட்டுமே வேலை செய்வதால் 750 வி.ஏ. போதும். அதைவிட மிகச் சிறியதாக எடுத்தால் எரிந்து போகாது, ஆனால் சுமையில் வோல்டேஜ் சரிந்து கணக்கிட்ட கரன்ட் வராது.

பிரிட்ஜ் 100 ஆம்பியர், 1600 வோல்ட் மாட்யூலாக ஹீட் சிங்க்கோடு இருக்கட்டும். 48 வோல்டுக்கு 1600 எதற்கு என்று தோன்றும். மோட்டாரில் மிச்சமிருக்கும் வோல்டேஜும், கான்டாக்டர் தவறி லைன் வோல்டேஜ் உள்ளே வரும் நாளும்தான் காரணம். டி.சி. முனைகளுக்குக் குறுக்கே ஒரு வேரிஸ்டர், செகண்டரியில் செமிகண்டக்டர் ஃபியூஸ், பிரைமரியில் டிரான்ஸ்ஃபார்மரின் தொடக்கப் பாய்ச்சலைத் தாங்கும் டி கர்வ் எம்.சி.பி.

கான்டாக்டர்கள் மூன்று: மோட்டாரை லைனோடு இணைக்கும் மெயின் கான்டாக்டர், பிரிட்ஜை மோட்டாரோடு இணைக்கும் டி.சி. கான்டாக்டர், டிரான்ஸ்ஃபார்மர் பிரைமரியைப் போடும் சிறிய கான்டாக்டர். டி.சி. கான்டாக்டரில் பிளஸ், மைனஸ் இரண்டையும் துண்டியுங்கள். ஒரு பக்கம் மட்டும் துண்டித்தால், மோட்டார் ஓடும்போது மறுபக்கம் வழியாக பிரிட்ஜ் லைனோடு ஒட்டிக்கொண்டே இருக்கும்.

வரிசை

1. மெயின் கான்டாக்டர் விடுகிறது.
2. 0.5 முதல் 1 விநாடி காத்திருப்பு.
3. டி.சி. கான்டாக்டர் மூடுகிறது, அதன் பிறகே டிரான்ஸ்ஃபார்மர் கான்டாக்டர்.
4. பிரேக் நேரம் முடிந்ததும் டிரான்ஸ்ஃபார்மர் கான்டாக்டர் முதலில் விடுகிறது.
5. 0.3 விநாடி கழித்து டி.சி. கான்டாக்டர் விடுகிறது.

இரண்டாவது படியைச் சுருக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். சப்ளையைத் துண்டித்தாலும் ரோட்டரில் புலம் உடனே சாவதில்லை. டெர்மினலில் வோல்டேஜ் இருந்துகொண்டே படிப்படியாக இறங்குகிறது. அந்த நேரத்தில் பிரிட்ஜை இணைத்தால் அதன் டயோடுகளே வைண்டிங்கை ஏறத்தாழ ஷார்ட் செய்துவிடும். டயோடு ஏன் அடிக்கடி போகிறது என்று பிராண்டை மாற்றிப் பார்ப்பவர்கள் முதலில் இந்தக் காத்திருப்பு நேரத்தைப் பார்க்க வேண்டும். முடிந்தால் ஆஸிலோஸ்கோப்பில், அந்த வோல்டேஜுக்கு ஏற்ற டிஃபரென்ஷியல் ப்ரோப் போட்டு, டெர்மினல் வோல்டேஜ் எப்போது 20 சதவீதத்துக்குக் கீழே போகிறது என்று பார்த்து டைமரை வையுங்கள்.

நான்காவது படியின் காரணம் வேறு. டி.சி.க்கு இயல்பான பூஜ்ஜியம் கிடையாது. இண்டக்டன்ஸ் உள்ள சுற்றில் 30 ஆம்பியரை ஏ.சி. கான்டாக்டரால் வெட்டினால் ஆர்க் நீளும், முனை கருகும். பிரைமரியை முதலில் விட்டால் வைண்டிங்கின் மின்னோட்டம் பிரிட்ஜ் டயோடுகள் வழியாகவே சுற்றி அமைதியாக அடங்கும். பிறகு டி.சி. கான்டாக்டர் வெறுமனே திறக்கிறது.

மெயின் கான்டாக்டரும் டி.சி. கான்டாக்டரும் ஒன்றாக மூடவே கூடாது. காயிலோடு காயில் இன்டர்லாக் போட்டால் போதாது. மெயினின் முனை வெல்டாகி ஒட்டிக்கொண்டால் காயில் ஆஃபாக இருந்தும் லைன் உள்ளே இருக்கும். ஆகவே மிர்ரர் கான்டாக்ட் என்று குறிக்கப்பட்ட, முதன்மை முனையோடு இயந்திர முறையில் பிணைந்த என்.சி. முனையை எடுத்து டி.சி. கான்டாக்டர் காயிலில் தொடராக வையுங்கள். எதிர்ப்பக்கமும் அப்படியே. இரண்டுக்கும் இடையே மெக்கானிக்கல் இன்டர்லாக்கும் பொருத்துங்கள்.

மோட்டார் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடினால் ஒரு பொறி உண்டு. ஸ்டாப் அழுத்தியதும் ஸ்டார், டெல்டா இரண்டு கான்டாக்டரும் விட்டுவிடும், ஆறு முனையும் தனித்தனியாக நிற்கும். டி.சி. போடுகிற இரண்டு முனைக்கும் நடுவே பாதையே இருக்காது. பிரேக் நேரத்தில் ஸ்டார் கான்டாக்டரை மூடி வைத்து, தடையையும் அந்த நிலையில் அளக்க வேண்டும். ஸ்டாரில் அது டெல்டாவின் மூன்று மடங்கு என்பதால் வோல்டேஜ், கரன்ட் இரண்டையும் புதிதாகப் போட வேண்டும்.

ஓட்டிச் சரிசெய்தல்

36 வோல்ட் டேப்பில் தொடங்குங்கள். பிரேக் டைமரை 10 விநாடியில் வைத்து, ஸ்டாப்வாட்சோடு நிறுத்திப் பாருங்கள். கரன்ட்டை ஹால் சென்சார் உள்ள டி.சி. கிளாம்ப் மீட்டரால் அளக்க வேண்டும். ஏ.சி. மட்டும் காட்டும் கிளாம்ப் டி.சி.யை உணராது. அலையில் மிஞ்சியிருக்கும் ஏ.சி. நெளிவைப் பார்த்து ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், அதை நம்பி டேப்பை ஏற்றினால் மோட்டார்தான் பலி.

ஒவ்வொரு டேப்பாக ஏற்றி 30 ஆம்பியருக்கு அருகில் நிறுத்துங்கள். பிறகு மோட்டாரை நன்றாகச் சூடேற விட்டு, மிக நீண்ட நிறுத்த நேரத்தை எடுத்து, அதோடு 1 விநாடி சேர்த்து டைமரை வையுங்கள். சூடான மோட்டாரில் பிரேக் மெதுவானது என்பதால் இந்த ஒரு விநாடி வீண் இல்லை. கடைசிப் பிடி மிக வலுவானது என்பதால் டைமர் அரை விநாடி முன்னால் விட்டாலும் தட்டு நிற்காமல் ஊர்ந்துகொண்டே போகும்.

தட்டின் நட்டையும் கவனியுங்கள். ஓடும் திசையில் இறுகும்படி மரை வெட்டப்பட்ட நட், வேகமாக நிறுத்தும்போது தட்டின் உந்தத்தால் தளரும். 10 நிறுத்தத்துக்குப் பிறகு பெயின்ட் மார்க்கரால் போட்ட கோடு நகர்ந்திருந்தால் டேப்பை இறக்குங்கள், அல்லது தட்டைப் பின் போட்டுப் பூட்டுங்கள்.

டி.சி. விடாமல் மாட்டிக்கொண்டால்

இந்த முறையில் அஞ்ச வேண்டிய கோளாறு இதுதான். டைமரோ கான்டாக்டரோ மாட்டிக்கொண்டு டி.சி. ஓடிக்கொண்டே இருந்தால் 30 ஆம்பியரில் 1,080 வாட் ஸ்டேட்டர் செம்பில் எரியும். முழுச் சுமையில் ஓடும்போது அங்கே எரிவது 405 வாட்தான், அதுவும் ஃபேன் சுற்றும்போது. இப்போது ஃபேன் நின்றுவிட்டது, சத்தமும் இல்லை. உன்னிப்பாகக் கேட்டால் 100 ஹெர்ட்ஸில் ஒரு மெல்லிய ரீங்காரம். வார்னிஷ் வாடை வந்த பிறகுதான் ஆள் திரும்பிப் பார்ப்பார்.

ஓவர்லோட் ரிலே இதைத் தடுக்காது. டி.சி. அதைத் தாண்டி மோட்டார் பக்கமாக நுழைகிறது. ஆகவே வைண்டிங்கில் பி.டி.சி. தெர்மிஸ்டர் இருந்தால் அதன் ரிலேயை டிரான்ஸ்ஃபார்மர் கான்டாக்டரையும் விடுவிக்கும்படி இணையுங்கள். இல்லாவிட்டால் பிரேக் நேரத்தைவிட 3 விநாடி நீளமான இரண்டாவது டைமர், பிரைமரி எம்.சி.பி.யின் ஷன்ட் ட்ரிப்பை அடிக்கட்டும்.

ரீங்காரத்தின் சுருதி இறங்கி, கரகரப்பாகி, நிறுத்த நேரம் நீண்டால் ஒரு டயோடு திறந்துபோய் அரை அலை மட்டும் வருகிறது. ஃபியூஸ் உடனே உருகினால் டயோடு ஷார்ட்.

ப்ளக்கிங் தான் வேண்டும் என்றால்

வயரிங் சாதாரண ஃபார்வர்டு-ரிவர்ஸ் ஸ்டார்ட்டர்தான். கூடுதலாக ஒரே ஒரு கருவி, ஷாஃப்டில் பொருத்தும் ஜீரோ ஸ்பீடு ஸ்விட்ச். ஸ்டாப் அழுத்தியதும் ஃபார்வர்டு கான்டாக்டர் விட்டு, அரை விநாடி கழித்து ரிவர்ஸ் பிடிக்கிறது. வேகம் 50 முதல் 100 ஆர்.பி.எம்.முக்கு இறங்கும்போது ஸ்விட்ச் திறந்து ரிவர்ஸை விடுகிறது. இங்கும் அந்த அரை விநாடி முக்கியம். மிச்ச வோல்டேஜும் லைனும் எதிர் எதிராகச் சந்தித்தால் கணநேரக் கரன்ட் ஸ்டார்ட்டிங் கரன்ட்டின் இரு மடங்கை நெருங்கும், ஷாஃப்டில் விழும் அடி கீயையும் கப்ளிங்கையும் தளர்த்தும்.

ஸ்பீடு ஸ்விட்ச்சுக்குப் பதிலாக டைமர் மட்டும் வைப்பது வேண்டாம். சுமை குறைந்த நாளில் மோட்டார் சீக்கிரம் நின்று, மீதி நேரம் எதிர்த்திசையில் ஓடும். ஸ்விட்ச்சை ரம்பத்தின் ஸ்பிண்டிலில் வைப்பதும் தவறு. பெல்ட் அறுந்த அன்று ஸ்பிண்டில் சுற்றிக்கொண்டே இருக்கும், ஸ்விட்ச் மூடியே இருக்கும், மோட்டார் எதிர்த்திசையில் முழு வேகம் எடுக்கும். மோட்டார் ஷாஃப்டில் வையுங்கள். அதோடு ரிவர்ஸ் கான்டாக்டருக்கு ஒரு பேக்கப் டைமர், நம் கணக்கில் 4 விநாடி.

இன்னொரு ஆபத்து: நின்றிருக்கும் தட்டைச் சுத்தம் செய்ய ஒருவர் கையால் வேகமாகச் சுழற்றினால் ஸ்விட்ச் மூடி ரிவர்ஸ் பிடித்துவிடலாம். ஃபார்வர்டு ஓடியபோது பிடித்துக்கொண்டு, மோட்டார் நின்றதும் விட்டுவிடும் ஒரு துணை ரிலே வழியாகத்தான் ஸ்விட்ச்சின் முனை ரிவர்ஸ் காயிலுக்குப் போக வேண்டும்.

கான்டாக்டர் அளவை ஏசி-3 ரேட்டிங் பார்த்து எடுக்காதீர்கள். அந்த எண், ஓடும் மோட்டாரை, 15 ஆம்பியரை, துண்டிப்பதற்கானது. இங்கே ரிவர்ஸ் கான்டாக்டர் ஒவ்வொரு முறையும் 100 ஆம்பியர் அளவில் துண்டிக்கிறது. அதற்கு ஏசி-4 ரேட்டிங்கும் அதன் ஆயுள் வரைபடமும் பார்க்க வேண்டும். சாதாரணமாக 18 ஆம்பியர் கான்டாக்டர் போதும் இடத்தில் 32, 40 ஆம்பியர் வரை போக வேண்டிவரும்.

எமர்ஜென்ஸி ஸ்டாப்பும் மின்வெட்டும்

இரண்டு முறையிலும் பிரேக் போட மின்சாரம் தேவை. எமர்ஜென்ஸி பட்டன் மெயின் சப்ளையையே வெட்டினால் பிரேக்கும் போய்விடும், தட்டு அதன்பாட்டுக்கு ஒரு நிமிடம் சுற்றும். ஐ.இ.சி. 60204-1 சொல்லும் கேட்டகரி 1 நிறுத்தமாக அமையுங்கள்: முதலில் பிரேக், நின்ற பிறகு சப்ளை துண்டிப்பு. மின்வெட்டில் இரண்டுமே கை கொடுக்காது. அந்த நேரத்திலும் தட்டு நின்றே ஆக வேண்டிய இயந்திரத்துக்கு, சப்ளை போனதும் ஸ்பிரிங்கால் பிடிக்கும் மெக்கானிக்கல் பிரேக் உள்ள மோட்டாரைத் தவிர வழியில்லை. காவல் மூடியின் பூட்டையும் பிரேக் டைமரை நம்பித் திறக்க விடாதீர்கள். தட்டு நின்றதை ஸ்பிண்டிலில் உள்ள சென்சார் உறுதி செய்த பிறகே அது திறக்கட்டும்.